180 மீட்டர் தள்ளி ஒரு மோட்டார்: ஒயரை ஆம்பியர் பார்த்து வாங்கினால் என்ன ஆகும்?

ஒரு எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு என்ன ஒயர் போடலாம் என்று எந்த எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டாலும் 2.5 ஸ்கொயர் எம்எம் என்றுதான் சொல்வார்கள். தப்பான பதில் இல்லை. அந்த மோட்டார் இழுப்பது ஏழு ஆம்பியர் சொச்சம். 2.5 காப்பர் ஒயர் இருபது ஆம்பியர் வரைக்கும் சூடாகாமல் தாங்கும். வீட்டு மாடியில் இருக்கிற மோட்டாருக்கு, முப்பது மீட்டர் தூரத்துக்கு, யாரும் இதைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை.

கடைக்காரர் கேட்காத கேள்வி, தூரம் எவ்வளவு என்பது. டப்பாவில் போட்டிருக்கும் ஆம்பியர், ஒயர் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான கணக்கு மட்டும்தான். அந்த ஒயரின் கடைசி முனையில் எத்தனை வோல்ட் மிஞ்சும் என்பது வேறு கணக்கு. பத்து மீட்டரானாலும் ஐந்நூறு மீட்டரானாலும் டப்பாவில் அதே இருபது ஆம்பியர்தான் எழுதியிருக்கும்.

உடுமலைப் பக்கம் என் மாமாவின் தென்னந்தோப்பில் இதை முழுசாகப் பார்க்க வாய்த்தது. நான் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலையில் இருப்பவன். அங்கே பேனலும் மோட்டாரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், கேபிளும் தாராளமாகப் போட்டிருப்பார்கள். அதனால் இந்தச் சிக்கலை இவ்வளவு பச்சையாகப் பார்த்ததில்லை. தோப்பில் ரோட்டோரம் பழைய வீடு. மீட்டர் பாக்ஸ் அங்கேதான். கிணற்றை ஒட்டி உள்ளே புதுசாக ஒரு வீடு கட்டி மாமா குடிபோயிருந்தார். இரண்டுக்கும் நடுவே ஒயர் போன வழியில் டேப் பிடித்து அளந்தால் 180 மீட்டர். பாசனத்துக்கு விவசாய சர்வீஸ் தனியாக இருக்கிறது, அதிலிருந்து வீட்டுக்கு எடுக்கக் கூடாது. ஆகவே பழைய வீட்டு சர்வீஸிலிருந்து பைப்புக்குள் 2.5 காப்பர் ஒயர், பேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று, மண்ணுக்கடியில் கொண்டுபோயிருந்தார்கள். அந்த முனையில் நான்கு விளக்கு, இரண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், டேங்குக்குத் தண்ணீர் ஏற்ற கிணற்றில் ஒரு எச்.பி. ஓப்பன்வெல் மோட்டார்.

காலையில் மோட்டார் எடுக்கும். சாயங்காலம் எடுக்காது, உறுமும், கொஞ்ச நேரத்தில் ஓவர்லோடு டிரிப் ஆகும். கெப்பாசிட்டர் மாற்றினார்கள். பிறகு காயில் கட்டினார்கள். கட்டி வந்த பிறகும் அதே கதை. "மாப்ள, மோட்டாரே ராசியில்ல போலிருக்கு, வேற கம்பெனி பாக்கட்டுமா?" என்று மாமா போனில் கேட்டார். காலையில் எடுத்து மாலையில் எடுக்காத மோட்டார் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. மாறுவது வோல்டேஜ்தான். அது இ.பி. லைனிலேயே குறைகிறதா, நம் ஒயரில் தொலைகிறதா என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது.

அதற்கு மல்டிமீட்டரை ஒரு இடத்தில் மட்டும் வைத்தால் போதாது. மோட்டார் பாக்ஸில் மட்டும் வைத்துப் பார்த்து "218 இருக்குங்க, நல்லாத்தான் வருது" என்று முன்பு வந்தவர் சொல்லியிருக்கிறார். மோட்டார் ஓடாதபோது பார்த்தால் அப்படித்தான் காட்டும். கரண்ட் ஓடாத ஒயரில் வோல்டேஜ் விழாது. லோடு போட்டு, ஒரே நேரத்தில் இரண்டு முனையிலும் அளக்க வேண்டும். மாமா மகன் மீட்டர் பாக்ஸில் ஒரு மீட்டரோடு நின்றான், நான் இந்த முனையில், நடுவே செல்போன்.

லோடாக முதலில் மோட்டாரைப் போடவில்லை. அயர்ன் பாக்ஸைப் போட்டேன். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் வெறும் ரெசிஸ்டன்ஸ். பவர் ஃபேக்டர், ஸ்டார்ட்டிங் கரண்ட் என்று எந்தக் குழப்பமும் இல்லை, கரண்ட் ஆடாமல் நிற்கும். தெர்மோஸ்டாட்டை முழுசாகத் திருப்பி வைத்து, கிளாம்ப் மீட்டரைப் பேஸ் ஒயர் மட்டும் உள்ளே வருகிற மாதிரி போட்டேன். 3.8 ஆம்பியர். மீட்டர் பாக்ஸில் 217 வோல்ட், இந்த முனையில் 204. பதின்மூன்று வோல்ட் வழியில் போகிறது. பதின்மூன்றை 3.8-ஆல் வகுத்தால் 3.4 ஓம். அதுதான் போக வர உள்ள மொத்த ஒயரின் ரெசிஸ்டன்ஸ்.

இந்த 3.4 நியாயமான எண்தானா? 2.5 ஸ்கொயர் எம்எம் ஃப்ளெக்ஸிபிள் காப்பர் ஒயரின் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்கு எட்டு ஓம். தூரம் 180 மீட்டர் என்றாலும் கரண்ட் பேஸில் போய் நியூட்ரலில் திரும்பி வருகிறது, அதனால் ஒயர் 360 மீட்டர். பலர் இந்த இரண்டால் பெருக்குவதை விட்டுவிட்டு, பாதி வோல்ட் டிராப் காட்டி சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். 360 மீட்டருக்கு 2.9 ஓம் வருகிறது. வெயிலுக்கும் கரண்டுக்கும் ஒயர் கொஞ்சம் சூடாகும், அதற்குச் சேர்த்து 3 என்று வைக்கலாம். அளந்தது 3.4. அந்த 0.4 ஓம் ஒயருடையது இல்லை. எங்கோ ஒரு ஜாயின்ட்.

எந்த ஒயரில் என்பதையும் தோண்டாமலே சொல்லிவிடலாம். புது வீட்டுக்கு அருகிலேயே தனி எர்த் குழி இருந்தது. லோடு இல்லாதபோது நியூட்ரலுக்கும் அந்த எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம். அயர்ன் பாக்ஸ் போட்டதும் 5.8 வோல்ட். நியூட்ரல் ஒயரில் விழுந்தது இவ்வளவுதான். மொத்தம் 13-இல் இது போக மீதி ஏழுக்கு மேல் பேஸ் ஒயரில் விழுகிறது. இரண்டும் ஒரே நீளம், ஒரே சைஸ், சமமாக விழ வேண்டும். ஆகக் கோளாறு பேஸில். தூரத்து முனையில் நியூட்ரலைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது, டெஸ்டர் மங்கலாக எரிகிறது என்று சிலர் சொல்வதற்கு இந்த வோல்டேஜும் ஒரு காரணமாக இருக்கும். நியூட்ரல்தானே என்று கையை வைக்கக் கூடாது.

இடம் எது என்பதை ஒயர் காயிலே சொல்லிவிட்டது. நம் ஊரில் ஒயர் காயில் 90 மீட்டர். 180 மீட்டர் என்றால் இரண்டு காயில், சரியாகப் பாதி வழியில் ஒரு ஜாயின்ட் இருந்தே தீரும். நடந்து போனால் ஒரு தென்னை மரத்தடியில் சிறிய பிளாஸ்டிக் பாக்ஸ், மூடியில் பாதி உடைந்து உள்ளே எறும்பு மண். மெயினை ஆஃப் செய்துவிட்டுத் துடைத்துப் பார்த்தேன். நியூட்ரல் முறுக்கு பழுப்பாக, இறுக்கமாக இருந்தது. பேஸ் முறுக்கில் டேப் உருகிக் கருகி ஒட்டியிருந்தது, பிரித்தால் கம்பி இழைகள் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. உறுதி செய்துகொள்ள லைனைப் போட்டு, இன்சுலேஷன் உள்ள முள் புரோப் இரண்டையும் அதே பேஸ் ஒயரில், ஜாயின்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வைத்தேன். அயர்ன் பாக்ஸ் ஓடும்போது 1.6 வோல்ட். நல்ல ஜாயின்ட் என்றால் அங்கே சில மில்லிவோல்ட்தான் காட்ட வேண்டும். லைன் இருக்கும்போது செய்கிற இந்த வேலையைப் பழக்கமில்லாதவர் செய்ய வேண்டாம், ஈர மண்ணில் நின்றுகொண்டு யாருமே செய்ய வேண்டாம்.

0.4 ஓம் பெரிய எண்ணாகத் தோன்றாது. மோட்டார் ஓடும்போது 7.6 ஆம்பியர் போனால், கரண்டை அதே கரண்டால் பெருக்கி ரெசிஸ்டன்ஸால் பெருக்க 23 வாட். ஒயர் நெடுக 170 வாட் சூடாகப் போகிறது, ஆனால் அது 360 மீட்டருக்குப் பரவுகிறது, கையில் தெரியாது. இந்த 23 வாட் ஒரு விரல் நீள முறுக்கில் நிற்கிறது. டேப் கருகியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஜாயின்ட்டை வெட்டி எடுத்து, காப்பர் ஃபெரூல் போட்டுக் கிரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றினேன். 3.4 ஓம் 3-க்கு வந்தது. மாமாவுக்கு அத்தோடு வேலை முடிந்துவிடும் என்று நம்பிக்கை. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமும் மோட்டார் உறுமிக்கொண்டுதான் நின்றது.

மோட்டார் ஓடும்போது இழுப்பதும், எடுக்கும்போது இழுப்பதும் ஒன்றல்ல. இந்த மோட்டார் ஓடுகையில் ஏழு ஆம்பியர் என்றால், நின்ற நிலையிலிருந்து புறப்படும் அந்த ஒரு நொடியில் 230 வோல்ட் முழுசாகக் கிடைத்தால் முப்பது ஆம்பியர் இழுக்கும். அதாவது அந்த நொடியில் அது ஏறத்தாழ ஏழரை ஓம் ரெசிஸ்டன்ஸ் மாதிரி நடந்துகொள்கிறது. ஏழரை ஓம் மோட்டாரும் மூன்று ஓம் ஒயரும் தொடராக நின்று 216 வோல்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மோட்டாருக்கு வரும் பங்கு 155 வோல்ட். ஜாயின்ட் கெட்டிருந்தபோது 150. மோட்டாரின் பவர் ஃபேக்டரைச் சேர்த்தால் கணக்கில் இதைவிடச் சற்றுக் கூடுதலாக வரும், ஆனால் முடிவு மாறாது. ஜாயின்ட்டைச் சரி செய்யும் முன்பு மோட்டாரைப் போட்டு மூன்று எண்ணுவதற்குள் ஆஃப் செய்து பார்த்தபோது மோட்டார் பாக்ஸில் 150-ஐ ஒட்டித்தான் காட்டியது, கிளாம்பில் இருபதுக்குச் சற்றுக் கீழே.

மோட்டாரின் திருப்பு விசை வோல்டேஜோடு நேராகக் குறைவதில்லை, வோல்டேஜின் வர்க்கத்தோடு குறைகிறது. 230-க்குப் பதில் 150 என்றால் வோல்டேஜ் மூன்றில் இரண்டு பங்கு, விசை பாதிக்கும் கீழே, 42 சதவீதம். இதுபோன்ற கெப்பாசிட்டர் ரன் மோட்டாருக்கு இயல்பிலேயே புறப்படும் விசை குறைவு. அதில் பாதிக்கு மேல் பறிபோனால் தண்ணீரோடு இருக்கும் பம்பை அதனால் அசைக்க முடியாது. காலையில் இ.பி. 236 கொடுத்தபோது இதே ஒயரில் மோட்டாருக்கு 160-க்கு மேல் கிடைத்தது, தட்டுத்தடுமாறி எடுத்தது. காலைக்கும் மாலைக்கும் இடையிலான வித்தியாசம் அந்தப் பத்துப் பதினைந்து வோல்ட்தான். எடுக்காமல் உறுமி நிற்கும் ஒவ்வொரு தடவையும் காயிலில் இருபது ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் கருகியது அப்படித்தான், காயில் கட்டியவர் மேல் குறை இல்லை.

இவ்வளவு நாள் இது ஏன் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றால், எல்.இ.டி. பல்பு 150 வோல்ட்டிலும் அதே வெளிச்சம் கொடுக்கும், உள்ளே இருக்கும் டிரைவர் அப்படி. பழைய குண்டு பல்பாக இருந்திருந்தால் மோட்டார் போட்டதும் மங்கி, விஷயத்தை முதல் நாளே காட்டிக் கொடுத்திருக்கும்.

"ஸ்டெபிலைசர் ஒண்ணு வச்சுட்டா என்னங்க?" என்று ஊர் எலக்ட்ரீஷியன் கேட்டார். நியாயமான கேள்வி, பலர் செய்வதும் அதுதான். மோட்டார் பக்கத்து முனையில் வைத்தால், 190-ஐ 230 ஆக்குவதற்கு ஸ்டெபிலைசர் தன் உள்பக்கம் கூடுதல் கரண்டை இழுக்கும். பவர் எங்கிருந்தும் புதிதாக வந்துவிடாது. அந்தக் கூடுதல் கரண்ட் அதே மெல்லிய ஒயரில் ஓடி இன்னும் வோல்ட்டைத் தின்னும். ஓடுகிற மோட்டாருக்கு இது ஓரளவு உதவலாம். புறப்படும் நொடிக்கு உதவாது. மீட்டர் பாக்ஸ் முனையில் வைத்து வோல்ட்டை ஏற்றி அனுப்பினால் அந்த நொடிக்கு நல்லதுதான், ஆனால் மூன்று ஓம் ஒயர் நடுவே நிற்கும்வரை பெரிய பலன் வராது. இ.பி. லைனே 180-க்கு இறங்குகிற ஊரில் ஸ்டெபிலைசருக்கு வேலை உண்டு. இங்கே இ.பி. 216 கொடுக்கிறது, தொலைவது நம் ஒயரில்.

ஆக ஒயர் மாற்ற வேண்டும், எந்த சைஸ் என்பதுதான் கேள்வி. நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. கிலோமீட்டர் ரெசிஸ்டன்ஸ் டேபிள் கையில் இல்லாதபோதும் இதைப் போட்டுவிடலாம்:

```
A = 0.04 × L × I ÷ V
```

இதில் A ஒயரின் சைஸ் ஸ்கொயர் எம்எம்மில், L ஒருபக்கத் தூரம் மீட்டரில், I ஓடும் ஆம்பியர், V வழியில் இழக்கச் சம்மதிக்கும் வோல்ட். 0.04-க்குள் காப்பரின் ரெசிஸ்டன்ஸும், போக வர என்ற இரண்டும், கொஞ்சம் சூடும் அடக்கம். அலுமினியமாக இருந்தால் 0.04-க்குப் பதில் 0.065 போட வேண்டும்.

இழக்கச் சம்மதிக்கும் வோல்ட் எவ்வளவு? மீட்டரிலிருந்து லோடு வரை மூன்று சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வயரிங்கில் நெடுங்காலமாகப் பழகிய அளவு. 230-இல் மூன்று சதவீதம் 6.9 வோல்ட். 0.04-ஐ 180-ஆலும் 7-ஆலும் பெருக்கி 6.9-ஆல் வகுத்தால் 7.3 வருகிறது. அந்த சைஸ் கடையில் இல்லை. கீழே 6, மேலே 10. அலுமினியத்துக்கு 11.9, மேலே உள்ள சைஸ் 16.

ஓடும் கணக்கோடு நிறுத்தாமல் புறப்படும் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் மோட்டார் மாட்டிக்கொண்டது அங்கேதான். 216 வோல்ட் வரும் அதே சாயங்காலத்தில், 4 காப்பர் போட்டால் புறப்படும்போது மோட்டாருக்கு 177 வோல்ட், விசை 59 சதவீதம். எடுக்கும், ஆனால் இ.பி. இன்னும் பத்து வோல்ட் இறங்கினால் உறுதியில்லை. 6 போட்டால் 188 வோல்ட், விசை 67 சதவீதம். 10 போட்டால் 198 வோல்ட், 74 சதவீதம். 2.5-லிருந்து 6-க்குப் போவதில் பெரிய லாபம் இருக்கிறது, 6-லிருந்து 10-க்குப் போவதில் அவ்வளவு இல்லை. மோட்டார் மட்டும் என்றால் 6 காப்பரே போதும் என்று நானே சொல்லியிருப்பேன். அதே ஒயரில் ஃபிரிட்ஜும் இருக்கிறது, மோட்டார் புறப்படும்போது அதன் கம்ப்ரெசரும் அந்தக் குறைந்த வோல்டேஜைத்தான் பார்க்கும். கோடையில் இ.பி. வோல்டேஜ் எப்படியும் இன்னும் இறங்கும்.

கடைசியில் எடுத்தது 16 ஸ்கொயர் எம்எம் இரண்டு கோர் அலுமினியம் ஆர்மர்டு கேபிள். அதன் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்கு 1.91 ஓம், 10 காப்பருடையது 1.83. வோல்ட் டிராப்பில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். நாங்கள் கேட்ட விலையில் அலுமினிய கேபிள், 10 காப்பர் ஆர்மர்டில் பாதிக்கும் கீழே வந்தது. அலுமினியம் என்றாலே மட்டம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. மாமாவும் "காப்பரே போட்டரலாம் மாப்ள, கெடக்குது காசு" என்றார். இ.பி. தெருவில் இழுப்பதெல்லாம் அலுமினியம்தான். நடுவே ஜாயின்ட் இல்லாமல் ஒரே நீளமாக வாங்கி, இரண்டு முனையை மட்டும் ஒழுங்காகச் செய்தால் மண்ணுக்கடியில் அது பாட்டுக்குக் கிடக்கும். டிரம்மிலிருந்து 190 மீட்டர் வெட்டி வாங்கினோம், இரண்டு முனையிலும் மேலே ஏற்றிக் கட்டுவதற்கும் சேர்த்து. முக்கால் மீட்டர் ஆழம் தோண்டி, கீழே மணல், கேபிள், மேலே மணல், அதற்கு மேல் வரிசையாகச் செங்கல். அந்தச் செங்கல் கேபிளுக்குப் பலம் கொடுப்பதற்காக அல்ல. பிற்காலத்தில் தென்னங்கன்றுக்குக் குழி எடுப்பவன் கடப்பாரை முதலில் செங்கலில் படட்டும் என்பதற்காக.

முனைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தடித்த கேபிள் போட்ட பல இடங்களில் வேலை கெடுவது அங்கேதான். 16 அலுமினியம் வீட்டு எம்.சி.பி. பாக்ஸிலோ மோட்டார் ஸ்டார்ட்டரிலோ நேராக நுழையாது. நுழையவில்லை என்று கட்டிங் பிளேயரால் இழைகளைக் கழித்துவிட்டு மீதியைச் செருகுகிறவர்களை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். மீதி இழை அந்தக் கரண்டைத் தாங்கலாம். ஆனால் அலுமினியத்தின் மேல் காற்று பட்டவுடன் கரண்ட் கடத்தாத ஆக்சைடு படலம் கட்டும், கூடவே ஸ்க்ரூ அழுத்தத்தில் அலுமினியம் நாளடைவில் நசுங்கித் தளரும். தளர்ந்த இடம் மறுபடியும் அந்தத் தென்னை மரத்தடி ஜாயின்ட்தான்.

நாங்கள் இரண்டு முனையிலும் தனி பாக்ஸ் வைத்தோம். இழைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உடனே ஜாயின்டிங் காம்பவுண்டு தடவி, 16 அலுமினிய லக்கை சரியான டையில் கிரிம்ப் செய்தோம். அலுமினியத்தையும் காப்பரையும் நேராகச் சேர்த்து முறுக்கினால் ஈரம் பட்டு அலுமினியம் அரித்துவிடும், ஆகவே காப்பர் பக்கம் வரும் இடத்தில் பைமெட்டாலிக் லக். அங்கிருந்து ஸ்டார்ட்டருக்கும் டி.பி.க்கும் இரண்டு மீட்டர் 4 காப்பர். இவ்வளவு தடித்த கேபிளின் கடைசியில் மெல்லிய ஒயரா என்று மாமா மகன் சந்தேகப்பட்டான். இரண்டு மீட்டருக்கு அது இழப்பது 0.02 ஓம் கூட இல்லை. அதேபோல மோட்டாரிலிருந்து கிணற்றுச் சுவர் ஏறி வரும் பன்னிரண்டு மீட்டர் லீடை மாற்றச் சொல்லவில்லை, அதில் ஒன்றரை வோல்ட்தான் போகும்.

தூரத்தில் மெல்லிய ஒயர் போடுவதில் வோல்டேஜைவிட ஆபத்தான இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதே இல்லை. பழைய வீட்டில் இருந்தது 16 ஆம்பியர் சி டைப் எம்.சி.பி. ஷார்ட் ஆனால் உடனே டிரிப் ஆக அதற்குக் குறைந்தது ஐந்து மடங்கு, அதிகபட்சம் பத்து மடங்கு கரண்ட் வேண்டும், அதாவது 80 முதல் 160 ஆம்பியர். பழைய ஒயரில் புது வீட்டில் பேஸும் நியூட்ரலும் ஒட்டிக்கொண்டால் எவ்வளவு கரண்ட் போகும்? கேபிளின் 3.4 ஓம், சர்வீஸ் பக்கத்தில் 0.26 ஓம் இருப்பதாக அளவில் தெரிந்தது. 216-ஐ 3.66-ஆல் வகுத்தால் 59 ஆம்பியர். பக்கா ஷார்ட்டுக்கே 80 எட்டவில்லை. எம்.சி.பி. அதைப் பெரிய லோடு என்று நினைத்து, சூடேறி, பல விநாடி கழித்துத்தான் விழும். அதற்குள் ஷார்ட் ஆன இடத்தில் தீப்பொறி நின்று எரியும். புது கேபிளில் மொத்தம் ஒரு ஓம், 216 ஆம்பியர் போகும், கண் இமைக்கும் நேரத்தில் விழும்.

மண்ணுக்குக் கசிகிற கரண்ட்டுக்கு எந்த எம்.சி.பி.யையும் நம்ப முடியாது, எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸே பல ஓம். புது வீட்டு டி.பி.யில், கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டோம், கேபிளின் ஆர்மரை இரண்டு முனையிலும் எர்த்தில் சேர்த்தோம். கிணற்று மோட்டார் இருக்கிற வீட்டில் இதை வேண்டாம் என்று சொல்பவர்கள், மோட்டாரில் கசிவு இருந்து அது அடிக்கடி விழுகிறதே என்பார்கள். விழுந்தால் மோட்டாரைத்தான் சரி பார்க்க வேண்டும்.

எல்லாம் முடித்து அன்று சாயங்காலமே போட்டுப் பார்த்தோம். மீட்டர் பாக்ஸில் 215. சுவிட்சைப் போட்டதும் உறுமல் கேட்பதற்குள் மோட்டார் எடுத்துவிட்டது. ஓடும்போது புது வீட்டில் 210, கிளாம்பில் சரியாக 7 ஆம்பியர். முன்பு 7.6 இழுத்தது இப்போது 7-க்கு இறங்கியதில் ஆச்சரியமில்லை, இண்டக்ஷன் மோட்டார் வோல்டேஜ் குறைந்தால் அதே வேலையைச் செய்யக் கூடுதல் கரண்டை இழுக்கும். ஒயரில் சூடாகப் போன 200 வாட்டுக்கு அருகில் இருந்தது இப்போது 35 வாட். இதை மின் கட்டணத்தில் மிச்சம் பார்த்துக் கேபிள் காசை எடுத்துவிடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். மோட்டார் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் ஓடுகிறது. அந்தக் காசு திரும்புவது காயில் கட்டும் கூலியிலும், கெப்பாசிட்டரிலும், டேங்க் காலியாகக் கிடக்காத சாயங்காலங்களிலும்தான்.

மாமாவுக்கு இப்போது ஆசை வேறு பக்கம் போயிருக்கிறது. "இவ்வளவு பெரிய கேபிள் போட்டாச்சு, 2 எச்.பி. மாட்டிக்கலாமா?" என்கிறார். இந்த கேபிளில் 2 எச்.பி. ஓடுவதற்குத் தடையில்லை. பதின்மூன்று ஆம்பியருக்கு ஒன்பது பத்து வோல்ட் போகும், நான்கு சதவீதம். புறப்படும்போதுதான் மறுபடி இழுபறி. அந்த மோட்டார் நின்ற நிலையில் நாலு ஓம் அளவுக்கு இறங்கிவிடும், சர்வீஸ் ஒயரின் 0.26 ஓமும் சேர்ந்து கடிக்கும், பழைய வீட்டு விளக்கும் ஒரு கணம் மங்கும். அந்த அளவுக்குப் போவதாக இருந்தால் வீட்டு சர்வீஸை த்ரீ பேஸுக்கு மாற்றி, நான்கு கோர் கேபிளாகப் போடுவது நல்லது. அதே பவரை அதே சைஸ் கம்பியில் மூன்று பேஸில் சமமாகப் பிரித்து அனுப்பினால், சதவீதக் கணக்கில் வோல்ட் டிராப் ஆறில் ஒரு பங்காகக் குறையும். நியூட்ரலில் திரும்பும் கரண்ட் இல்லாமல் போவதும், ஒவ்வொரு பேஸும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் சுமப்பதும்தான் காரணம். அதற்கு 16 தேவைப்படாது, 6 அலுமினியமே தாராளம். குழி மட்டும் மறுபடி தோண்ட வேண்டும் என்றேன். மாமா ஒரு எச்.பி.யே போதும் என்றுவிட்டார்.